கொடையாளரின் குடும்பத்துக்கு ஒரு கடிதம்: சிறுநீரகம் பெற்று ஒரு வருடம் கழித்து எழுத உட்காருபவர்கள் கேட்கும் கேள்விகள்

எனக்குச் சிறுநீரகம் மாற்றி மூன்று வருடங்கள் ஆகின்றன. முதல் வருடம் முடிந்த கையோடு கொடையாளரின் குடும்பத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். நாலு முறை எழுதிக் கிழித்தேன், ஐந்தாவதை மருத்துவமனையின் மாற்று அறுவை ஒருங்கிணைப்பாளர் திருப்பிக் கொடுத்தார், ஆறாவதுதான் போனது. அந்தக் கதை எப்படியோ பரவிவிட்டது. மறுபரிசோதனைக்குப் போகும்போதெல்லாம், ரத்தம் கொடுக்கக் காத்திருப்பவர்களில் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகக் கேட்பார். அப்படிக் கேட்டவைதான் இவை.

இறந்தவர் ஒருவரிடமிருந்து சிறுநீரகம் பெற்றவர்களை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன். உயிரோடிருக்கும் உறவினரோ நண்பரோ கொடுத்திருந்தால் இங்கே சொல்லும் பாதி விஷயம் உங்களுக்குப் பொருந்தாது. அவரை நேரிலேயே பார்த்துப் பேசிவிடலாம்.

ஒரு வருடம் ஆகிவிட்டதே, இவ்வளவு தாமதமாக எழுதினால் தப்பாக நினைக்க மாட்டார்களா?

மாட்டார்கள். சொல்லப்போனால் ஒரு வருடம் நல்ல இடைவெளி.

முதல் மூன்று மாதம் நமக்கே நாம் யாரென்று தெரியாது. வாரத்துக்கு இரண்டு முறை ரத்தப் பரிசோதனை, ஒவ்வொரு முறையும் மருந்தின் அளவு மாறும், லேசாகச் சூடு அடித்தாலும் நிராகரிப்போ, உடம்பு சிறுநீரகத்தை ஏற்க மறுக்கிறதோ என்று பயம். போதாததற்கு ஸ்டீராய்டு வேறு. ஆரம்பத்தில் அதிக அளவில் கொடுப்பார்கள். தூக்கம் வராது, பேச்சு நிற்காது, காரணமே இல்லாமல் அழுகை வரும். என் முதல் கடிதத்தை மூன்றாவது வாரத்தில் இரவு இரண்டு மணிக்கு எழுதினேன். பதினோரு பக்கம். அதில் உலக சமாதானம் பற்றிக்கூட ஒரு பத்தி இருந்தது. நல்லவேளை, அனுப்பவில்லை.

ஒரு வருடத்தில் மருந்து ஓரளவு நிலைக்கு வந்துவிடுகிறது. அந்தச் சிறுநீரகம் உங்களுக்குள் என்ன செய்கிறது, அதை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று சொல்ல அப்போதுதான் விஷயம் இருக்கும். அந்தக் குடும்பத்தின் பக்கமிருந்தும் யோசித்துப் பாருங்கள். முதல் சில மாதம் வீடு நிறைய ஆட்கள். ஒரு வருடம் ஆகும்போது இறந்தவர் பெயரை வெளியாட்கள் யாரும் எடுப்பதில்லை. அந்த நேரத்தில் அவரைப் பற்றிய ஒரு கடிதம் வருகிறது.

அறுவை நடந்த அதே தேதியில் போய்ச் சேரும்படி அனுப்பலாமா? எனக்கு அது இரண்டாவது பிறந்தநாள் மாதிரி.

வேண்டாம். அது உங்களுக்குப் பிறந்தநாள், அவர்களுக்கு நினைவுநாள். ஒரே நாளாகக்கூட இல்லாமல் இருக்கலாம். எடுத்த சிறுநீரகத்தைக் குளிர்நிலையில் வைத்தால் ஒரு நாள் வரை தாங்கும், சில சமயம் அதற்கு மேலும் தாங்கும். அதனால் உங்கள் அறுவைக்கு முந்தைய நாளோ அதற்கும் முன்போ அவர்கள் வீட்டில் மரணம் நடந்திருக்கலாம். நீங்கள் தேதியைக் குறி வைத்து அனுப்பினாலும் குறி தப்பத்தான் செய்யும்.

தேதிக்கு ஒன்றிரண்டு மாதம் முன்னாலோ பின்னாலோ கொடுங்கள். எப்படியும் அது உடனே போகாது. உங்கள் மருத்துவமனை படிக்க வேண்டும், கொடையாளர் தரப்பு அமைப்பு படிக்க வேண்டும், பிறகு குடும்பத்தைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். வாரக்கணக்கில், ஏன் மாதக்கணக்கில்கூட ஆகும். எந்த நாளில் குடும்பத்தைக் கூப்பிடக் கூடாது என்பது அந்த அமைப்பில் இருப்பவர்களுக்குத் தெரியும். அதை அவர்களிடமே விட்டுவிடுங்கள். கடிதத்துக்குள்ளும் "இன்று எனக்கு முதல் பிறந்தநாள்" என்று தொடங்காதீர்கள். நான் அப்படித்தான் தொடங்கியிருந்தேன். ஒருங்கிணைப்பாளர் அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார்.

யார் வீடு என்றே தெரியாது. எந்த முகவரிக்கு அனுப்புவது?

முகவரி உங்களுக்குத் தேவையில்லை. கடிதத்தை உங்கள் மாற்று அறுவை ஒருங்கிணைப்பாளரிடம் கொடுத்தால் போதும். உறையை ஒட்டாதீர்கள், அவர்கள் பிரித்துப் படித்தே ஆக வேண்டும். உங்கள் முழுப்பெயர், அறுவை நடந்த தேதி, மருத்துவமனை ஆகியவற்றைத் தனியாக ஒரு தாளில் எழுதிச் சேர்த்துக் கொடுங்கள். எந்தக் கொடையாளருடன் இணைக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க அந்தத் தாள் உதவும். அது அவர்கள் கோப்பிலேயே இருந்துவிடும், கடிதம் மட்டும் அடுத்த இடத்துக்குப் போகும்.

கடைசிப் படி முக்கியமானது. கடிதம் வந்திருக்கிறது, வாசிக்க விருப்பமா என்று குடும்பத்தைக் கேட்பார்கள். இப்போது வேண்டாம் என்றால் கோப்பில் பத்திரமாக வைத்திருப்பார்கள். வேண்டுமென்று கேட்கும்போது கொடுப்பார்கள். எனவே நீங்கள் அனுப்பிய கடிதம் யாருடைய துக்கத்துக்கு நடுவிலும் திடீரென்று போய் விழப்போவதில்லை. இது தெரிந்த பிறகுதான் எனக்கே பயம் கொஞ்சம் விட்டது.

பெயர், ஊர் எல்லாம் எழுதலாமா?

நாட்டுக்கு நாடு, அமைப்புக்கு அமைப்பு விதி மாறும், உங்கள் ஒருங்கிணைப்பாளரைக் கேட்டுவிடுங்கள். சில இடங்களில் முதல் பெயரை அனுமதிக்கிறார்கள், சில இடங்களில் அதுவும் கூடாது. பொதுவாக, உங்களைத் தேடிக் கண்டுபிடிக்க உதவும் எதுவும் போகாது: ஊர், மருத்துவமனை, மருத்துவர் பெயர், தேதி, தொலைபேசி எண்.

பலரும் மறந்துவிடுவது, தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லாத விவரங்கள் சேர்ந்தால் ஆள் தெரிந்துவிடும் என்பதை. என் கடிதத்தில் ஊர் பெயர் இல்லை. ஆனால் "எங்கள் பள்ளியின் நூற்றாண்டு விழாவுக்கு இரண்டு வாரம் முன்பு அழைப்பு வந்தது" என்று எழுதியிருந்தேன். இணையத்தில் ஐந்து நிமிடம் தேடினால் எந்தப் பள்ளி என்று தெரிந்துவிடும். அந்த வரியை அடித்துவிட்டார்கள். "நான் பள்ளி ஆசிரியர்" என்பதை அப்படியே இருக்க விட்டார்கள்.

"நன்றி" என்று எழுதிவிட்டேன். அடுத்த வரி வரவே இல்லை. என்னதான் எழுதுவது?

எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. நன்றியை எவ்வளவு பெரிதாக்கினாலும் இரண்டு வரிதான் வரும். அதற்கு மேல் இழுத்தால் மேடைப்பேச்சு ஆகிவிடும். என் முதல் நாலு பிரதிகளும் அப்படித்தான் செத்தன.

ஒருங்கிணைப்பாளர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "அந்தச் சிறுநீரகம் உங்களிடம் வந்ததிலிருந்து என்ன நடந்தது என்று அந்தக் குடும்பத்துக்குத் தெரியுமா?" தெரியாது. கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் அவர்கள். இன்ன வயதில் ஒருவருக்குப் பொருத்தினோம் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகு அந்தச் சிறுநீரகம் பிழைத்ததா, எந்த உடம்பில் இருக்கிறது, ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறார்களா, எதுவுமே தெரியாது. கடிதம் அதற்கான பதில். நன்றிக் கடிதம் என்று நினைப்பதை நிறுத்திவிட்டு, தூரத்தில் இருப்பவர்களுக்கு நலம் சொல்லும் கடிதம் என்று நினைத்தேன். அப்போதுதான் எழுத வந்தது.

என் சிறுநீரகத்துக்குச் சொல்ல ஒரு கதை இருந்தது. பொருத்திய முதல் ஒன்பது நாள் அது வேலையே செய்யவில்லை. இறந்தவரிடமிருந்து வரும் சிறுநீரகங்களில் இது அபூர்வமில்லை. பல மணி நேரம் ரத்த ஓட்டமில்லாமல் குளிரில் இருந்ததில் உள்ளேயிருக்கும் நுண்குழாய்களின் செல்கள் அடிபட்டிருக்கும், அவை தேறி வர நாட்கள் ஆகும், சிலருக்கு வாரங்களும் ஆகும். செவிலியர்கள் "தூங்குகிறது" என்பார்கள். அதுவரை டயாலிசிஸ் தொடரும். எனக்கு மூன்று முறை செய்தார்கள். நிராகரிப்பு இல்லையே என்று உறுதி செய்ய ஊசி போட்டு ஒரு துணுக்கு எடுத்துப் பயாப்சியும் பார்த்தார்கள். கட்டிலின் ஓரத்தில் தொங்கும் சிறுநீர்ப் பையை ஒன்பது நாளும் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். அடியில் கொஞ்சம், அதுவும் செம்மண் நிறத்தில். பத்தாம் நாள் காலை குழாயில் வெளிர்மஞ்சளாக ஏதோ நகர்ந்தது. ஒரு மணி நேரத்தில் நாற்பது மில்லி. இரவுப்பணி முடிந்து கிளம்ப வேண்டிய செவிலியர் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே திரும்பி வந்து அளவைக் குனிந்து பார்த்தார்.

இதைத்தான் அந்தக் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும். இதற்கு மேல் பெரிய வார்த்தை எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை.

உங்களுக்கு இந்தக் கதை இல்லாமல் இருக்கலாம். அறுவை மேசையிலேயே சிறுநீர் வரத் தொடங்கியவர்கள் நிறையப் பேர். உங்களுக்கென்று வேறொன்று இருக்கும். டயாலிசிஸ் நாட்களில் எது முடியாமல் இருந்தது, இப்போது எது முடிகிறது என்று யோசியுங்கள். ஒன்றே ஒன்றை எடுங்கள், அதை முழுதாகச் சொல்லுங்கள்.

துக்கத்தில் இருப்பவர்களுக்குப் போய்ச் சிறுநீர், தண்ணீர் என்றெல்லாமா எழுதுவது? அசிங்கமாக இருக்காதா?

இதயம் பெற்றவருக்கு எழுத எளிது, கவிதையே துணைக்கு வரும். நமக்குக் கிடைத்தது சிறுநீரகம், அதன் வேலை அதுதான். நானும் கூச்சப்பட்டு "உறுப்பு சிறப்பாகச் செயல்படுகிறது" என்று எழுதியிருந்தேன். வாஷிங் மெஷினுக்கு உத்தரவாதக் கடிதம் எழுதியது போல இருந்தது. கடைசியில் நான் பிடித்துக்கொண்டது தண்ணீரை. டயாலிசிஸில் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டாம்: சிறுநீர் நின்றுவிட்டால் ஒரு நாளைக்குக் குடிக்க அனுமதி அரை லிட்டர், கொஞ்சம் கூடினால் முக்கால் லிட்டர், மாத்திரைக்குக் குடிப்பதும் அதற்குள் அடக்கம். பத்திரமாகச் சேர்த்து வைத்துக் குடித்த ஐந்தரை வருடம் அது. தண்ணீரைப் பற்றி எழுதினால் சிறுநீரைப் பற்றித் தனியாக விளக்க வேண்டியதில்லை, புரிந்துவிடும்.

சிறுநீரகம் எப்படி ஓடுகிறது என்று ரத்தப் பரிசோதனையில் காட்டும் கிரியேட்டினின் எண்ணை எழுதாதீர்கள். நமக்கு 1.3 என்றால் கொண்டாட்டம், அவர்களுக்கு அது வெறும் எண்.

எந்தச் சொற்களைத் தவிர்க்க வேண்டும்?

தடைப் பட்டியல் எதுவும் என்னிடம் இல்லை. என் ஐந்தாவது பிரதியில் பென்சில் விழுந்த இடங்களைச் சொல்கிறேன்.

"எனக்கு மறுபிறவி கொடுத்தீர்கள்." எல்லாரும் எழுதும் வரி. அவர்கள் வீட்டு ஆளுக்கு மறுபிறவி கிடைக்கவில்லை என்பதை நினைத்துக்கொண்டு ஒரு முறை படித்துப் பாருங்கள்.

"அவர் என்னுள் வாழ்கிறார்." சில குடும்பங்களுக்கு இது பெரிய ஆறுதல், அவர்களே அப்படிச் சொல்வார்கள். சொல்லும் உரிமை அவர்களுடையது. நாம் முந்திக்கொண்டு சொன்னால், புதைத்தோ எரித்தோ விட்டு வந்தவர்களிடம் "இல்லை, அவர் சாகவில்லை" என்று வாதாடுவது போல் ஆகிவிடும். அவருடைய சிறுநீரகம் என்னிடம் இருக்கிறது என்றால் உண்மை, அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

"ஈடு செய்ய முடியாத இழப்பு." தவறில்லை, ஆனால் இரங்கல் சுவரொட்டியின் மொழி. அந்த ஒரு வருடத்தில் அதை அவர்கள் நூறு முறை கேட்டிருப்பார்கள்.

"கடவுள் சித்தம்", "விதி". அவர்கள் நம்பிக்கை என்னவென்று தெரியாமல் தொடாதீர்கள். நம்பிக்கை ஒன்றாகவே இருந்தாலும், உங்கள் பிள்ளை செத்தது எனக்காகப் போட்ட திட்டம் என்ற பொருள் அதில் வந்துவிடும்.

"உங்கள் மகன்". எனக்குச் சொல்லப்பட்டது, வயதில் இளையவர், ஆண் என்பது மட்டும். மகன் என்று நானாக முடிவு செய்தேன். கடிதத்தைப் பிரிப்பவர் மனைவியாக இருக்கலாம், அக்காவாக இருக்கலாம், சின்னப் பிள்ளையாக இருக்கலாம். "உங்கள் வீட்டவர்" என்று மாற்றினேன். கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் யாரையும் வெளியே நிறுத்தவில்லை.

"நன்றிக்கடன்" என்பதை நானாகவே எடுத்தேன். கடன் என்று சொன்னால் திருப்பிக் கொடுப்பது எப்படி என்ற பேச்சு வரும். அவர்கள் கேட்காத ஒன்று அது.

நீங்கள் அனுப்பிய கடிதத்தைக் காட்ட முடியுமா?

சரி. இதை அப்படியே படியெடுக்காதீர்கள். நீளம், வரிசை பார்க்க மட்டும்.

*அன்புள்ள குடும்பத்தினருக்கு,*

*உங்கள் பெயரோ, வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்பதோ எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டில் ஒருவர் இறந்தார், அந்த நேரத்திலும் நீங்கள் முன்பின் தெரியாதவர்களுக்காக ஒரு முடிவெடுத்தீர்கள் என்பது மட்டும் தெரியும். அவருடைய சிறுநீரகங்களில் ஒன்று கடந்த ஒரு வருடமாக என்னிடம் இருக்கிறது. அது எப்படி இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லவே எழுதுகிறேன்.*

*நான் பள்ளி ஆசிரியர். சிறுநீரகம் கிடைப்பதற்கு முன் ஐந்தரை வருடம், வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தோடு இருந்தேன். மற்ற நாட்களில் பாடம் நடத்தினேன். நின்றுகொண்டு நடத்த முடியாமல் போனபோது உட்கார்ந்து நடத்தினேன்.*

*உங்கள் வீட்டவரின் சிறுநீரகம் முதல் ஒன்பது நாள் வேலை செய்யவில்லை. தூங்குகிறது, எழுந்துகொள்ளும் என்றார்கள். பத்தாம் நாள் காலையில் எழுந்தது. அன்றிலிருந்து ஒரு நாளும் நிற்கவில்லை.*

*அந்த வாரம் செவிலியர் ஒருவர் ஒரு பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர் கொடுத்து, முழுவதையும் குடியுங்கள் என்றார். நான் பழக்கத்தில் இரண்டு மடக்குக் குடித்துவிட்டு மூடி வைத்தேன். அவர் மூடியை எடுத்து மறுபடி கையில் கொடுத்தார். இப்போது என் மேசையில் எப்போதும் தண்ணீர் இருக்கிறது. ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் உங்களை நினைக்கிறேன் என்று எழுத ஆசை. உண்மையில் சில சமயம் மறந்தும் குடித்துவிடுகிறேன்.*

*காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் மருந்து. இதுவரை ஒரு வேளையும் தவறவிடவில்லை. சிறுநீரகம் வலப்பக்கம், அடிவயிற்றில், தோலுக்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது. கூட்டத்தில் போகும்போது என்னையறியாமல் கை அங்கே போய்விடுகிறது.*

*அவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நீங்கள் சொல்ல விரும்பினால் படிக்கக் காத்திருக்கிறேன். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டும் என்று மட்டும் தயவுசெய்து நினைக்காதீர்கள்.*

*நன்றி.*

ஒரு பக்கம்தான். "மறந்தும் குடித்துவிடுகிறேன்" என்ற வரியை எடுத்துவிடலாமா என்று ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டேன். "அதை எடுத்தால் கடிதமே வேண்டாம்" என்றார்.

எனக்கு இடையில் நிராகரிப்பு வந்தது. இப்போதும் சிறுநீரகம் அரைகுறையாகத்தான் ஓடுகிறது. இதைச் சொன்னால் அவர்கள் நொந்துபோவார்களே?

பொய் சொல்லாதீர்கள், எல்லாவற்றையும் கொட்டவும் வேண்டாம். முதல் வருடத்தில் நிராகரிப்பு வருவதும், ஸ்டீராய்டு ஏற்றி அதைச் சரிசெய்வதும் எங்களுக்குள் சகஜமான பேச்சு. வெளியாட்களுக்கு "நிராகரிப்பு" என்ற சொல்லே அடிக்கும். தங்கள் வீட்டவர் கொடுத்ததை வேண்டாமென்று தள்ளிவிட்டது போலக் கேட்கும். "நடுவில் மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்தேன், மருந்தை மாற்றினார்கள், இப்போது டயாலிசிஸ் தேவையில்லை" என்று எழுதினால் உண்மையும் போய்ச் சேரும், புண்படுத்தவும் செய்யாது.

சிறுநீரகம் முற்றிலும் நின்றுபோய் மறுபடி டயாலிசிஸுக்கு வந்துவிட்டவர்களும் எழுதலாம். எத்தனை மாதம் அது ஓடியதோ அத்தனை மாதத்தைப் பற்றி எழுதுங்கள். ஏன் நின்றது என்று விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. முக்கியமாக, உங்கள் மேலோ சிறுநீரகத்தின் மேலோ பழி போடாதீர்கள். இந்தக் கடிதத்தை மட்டும் தனியாக எழுதாமல் ஒருங்கிணைப்பாளரோடு உட்கார்ந்து எழுதச் சொல்வேன்.

யாராவது செத்தால்தான் எனக்குக் கிடைக்கும் என்று காத்திருந்தேனே. அந்தக் குற்ற உணர்ச்சியைக் கடிதத்தில் சொல்லலாமா?

அவர்களிடம் சொல்லாதீர்கள். சொன்னால் அவர்கள்தான் உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும். எங்களில் பாதிப் பேருக்கு இது இருக்கிறது, எங்களிடம் சொல்லுங்கள்.

எனக்கு உதவியது காத்திருப்புப் பட்டியல் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொண்டதுதான். நீங்கள் காத்திருந்தாலும் காத்திருக்காவிட்டாலும் கொடையாளர் இறந்திருப்பார். அவருக்குச் சிகிச்சை செய்த மருத்துவர்களுக்கும் உங்களைப் பட்டியலில் வைத்திருந்தவர்களுக்கும் தொடர்பு இருக்கக் கூடாது என்பது விதி. குடும்பம் சம்மதித்த பிறகு ரத்த வகை, திசுப் பொருத்தம், எத்தனை காலம் காத்திருந்தீர்கள் என்பதையெல்லாம் பார்ப்பார்கள். கடைசியாக உங்கள் ரத்தத்தை அவர் செல்களோடு சேர்த்து, எதிர்ப்பு இருக்கிறதா என்று சோதிப்பார்கள். எனக்கு முதலில் வந்த இரண்டு அழைப்புகள் அந்தச் சோதனையில்தான் கைவிட்டுப் போயின. பையைக் கட்டிக்கொண்டு போய்விட்டுத் திரும்பி வந்தேன். அந்த இரண்டு சிறுநீரகங்களும் வேறு யாருக்கோ போயின.

கையால் எழுதுவதா, தட்டச்சு செய்வதா?

கையால் எழுதத்தான் எனக்கு ஆசை. ஆனால் நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்து சாப்பிடுபவர்களுக்குத் தெரியும், கை நடுங்கும். ரத்தத்தில் அளவு கூடியிருக்கும் நாட்களில் கரும்பலகையில் நான் எழுதுவதைப் பார்த்து முன்வரிசைப் பிள்ளைகள் சிரிப்பார்கள். கடைசியில், காலை மருந்துக்கு முன்னால் உட்கார்ந்து எழுதினேன். முந்தைய இரவு மருந்து சாப்பிட்டுப் பன்னிரண்டு மணி நேரம் ஆகியிருக்கும், ரத்தத்தில் அளவு மிகக் குறைவாக இருக்கும் நேரம். பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பதும் அப்போதுதான். நடுக்கம் கொஞ்சம் கம்மி. ஒரு நாளைக்கு ஒரு பத்தி என்று ஒரு வாரத்தில் முடித்தேன். எட்டு மணி ஆனதும் பேனாவை வைத்துவிட்டு மருந்தைப் போட்டுக்கொள்வேன். கடிதத்துக்காக மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

வாசிக்க முடியாத அளவுக்கு நடுங்கினால் தட்டச்சு செய்து, கீழே "நன்றி" மட்டும் கையால் எழுதுங்கள்.

புகைப்படம் வைக்கலாமா?

முதல் கடிதத்தில் வேண்டாம். பல இடங்களில் அனுமதிப்பதும் இல்லை.

எனக்கு அறுவை நடந்த வாரச் செய்தியில் ஒரு விபத்தைப் பார்த்தேன். உறுப்புதானம் என்று போட்டிருந்தார்கள். அவர்கள்தான் என்று நிச்சயமாகத் தெரியும். நேராகவே எழுதிவிடவா?

கூடாது. முதலில், உங்கள் நிச்சயம் தப்பாக இருக்கலாம். ஒருவரின் இரண்டு சிறுநீரகங்களும் இரண்டு வெவ்வேறு மருத்துவமனைகளுக்குப் போகலாம், தொலைவிலிருந்தும் வரலாம். ஒரே இரவில் ஒன்றுக்கு மேற்பட்ட கொடையாளர்கள் இருந்திருக்கலாம். வேறொரு வீட்டுக்குப் போய் "உங்கள் வீட்டவரின் சிறுநீரகம் என்னிடம்" என்று சொல்லிவிட்டு, பிறகு இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள்?

சரியாகவே இருந்தாலும், கடிதம் வேண்டுமா வேண்டாமா என்று சொல்ல அவர்களுக்கு இருந்த ஒரே வாய்ப்பை நீங்கள் பறித்துவிடுகிறீர்கள். தேடித் தேடிச் சமூக வலைத்தளத்தில் அந்தக் குடும்பத்தின் படங்களைப் பார்த்துக்கொண்டே இருந்த ஒருவரை எனக்குத் தெரியும். பார்த்த பிறகு அவரால் ஒரு வரிகூட எழுத முடியவில்லை. தெரியாமல் எழுதுவது எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் புரிந்தது என்றார். இரு தரப்பும் விரும்பினால் பின்னாளில் சந்திக்க வழி செய்யும் இடங்களும் இருக்கின்றன, அதுவும் ஒருங்கிணைப்பாளர் வழியாகத்தான்.

உங்களுக்குப் பதில் வந்ததா?

இல்லை. கடிதம் கொடுத்து நாலு மாதம் கழித்து ஒருங்கிணைப்பாளர் கூப்பிட்டு, வாங்கிக்கொண்டார்கள் என்று மட்டும் சொன்னார். யார் வாங்கினார்கள், என்ன சொன்னார்கள் என்று நான் கேட்டேன், அவர் சொல்லவில்லை. படித்திருக்கலாம், ஒரு அலமாரியில் வைத்திருக்கலாம். வேறு யாராவது ஒருவர், அந்த இன்னொரு சிறுநீரகத்தைப் பெற்றவர், என்னை விட நல்ல கடிதம் எழுதியிருக்கவும் கூடும்.

இரண்டாவது வருடம் மறுபடி எழுதலாமா என்று கேட்டேன். அவர்கள் வேண்டாம் என்று சொல்லாத வரை எழுதலாம் என்றார். எழுதினேன், அரைப்பக்கம். தண்ணீர் இன்னும் மேசையில்தான் இருக்கிறது என்று தொடங்கியிருந்தேன்.